பூனையின் மூடும் கண்கள்

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா என்று கேட்டு, அந்தப் பிராணியை அறியாமைக்கு உதாரணமாக நிறுத்தி வைத்திருக்கிறது நம் பழமொழி. திருட்டுப் பாலைக் குடிக்கும்போது அது கண்ணை மூடுகிறதோ இல்லையோ, தன்னை வளர்ப்பவர் எதிரே அமர்ந்திருக்கையில், பசியும் பயமும் இல்லாத நல்ல வேளையில், அவர் முகத்தைப் பார்த்தபடியே இமைகளை மெல்ல மெல்ல இறக்கி மூடுவது மட்டும் உண்மை; பூனை வளர்த்த எவரும் ஒரு முறையேனும் அதைக் கண்டிருப்பார்கள். மேல்நாட்டுப் பூனைப் பிரியர்கள் இதற்குப் ‘பூனை முத்தம்’ என்று பெயரிட்டு, வாயில்லாத ஜீவன் செய்யும் பிரேமைப் பிரகடனம் இதுவே என்று சாதித்து வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை பல ஆண்டுகளாக வீட்டுப் பேச்சாகவே இருந்து, மிகச் சமீபத்தில்தான் பரிசோதனைக்கு உட்பட்டது. பரிசோதனை எதை ஸ்தாபித்தது, எதை ஸ்தாபிக்கவில்லை, ‘நம்பி மூடுகிறது’ என்று நாம் சொல்வதற்கு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது என்பவற்றைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது பயனற்ற காரியம் ஆகாது.

முதலில் அந்தச் செய்கையையே கிட்ட இருந்து பார்க்க வேண்டும். ஜன்னல் திண்டில் முன்கால்களை மார்புக்கு அடியில் மடக்கி, வாலை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கும் பூனை, அறைக்குள் நம்மைப் பார்க்கிறது. மேலிமை பாதி தூரம் இறங்குகிறது, முழுதும் மூடாமல் அங்கேயே தயங்கி, சற்று மேலெழுகிறது, மறுபடியும் இறங்குகிறது. இப்படி இரண்டு மூன்று அரைச்சிமிட்டல்கள் கழிந்த பிறகு, கண் ஒரு கீற்றாகக் குறுகி அப்படியே நிற்கும். அல்லது முழுக்க மூடி, நாம் ஒரு மூச்சு விடும் நேரம் மூடியபடியே இருந்து, மீண்டும் பாதி திறக்கும். இவ்வளவுக்கும் காதுகள் முன்னோக்கியோ சாதாரணமாகவோ நிற்கும். மீசை மயிர்கள் விறைப்பின்றிப் பக்கவாட்டில் தளர்ந்திருக்கும். வால் நுனி அசையாது. பல சமயம் கண் மூடுவதோடு தலையும் ஒரு பக்கமாகச் சிறிது திரும்பும். இந்தத் தலைத் திருப்பத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் விஷயத்தின் திறவுகோல் ஓரளவு அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சாதாரணச் சிமிட்டலுக்கும் இதற்கும் உள்ள பேதம் காலத்தில் இருக்கிறது. விழியை நனைப்பதற்காகவோ தூசியைத் தள்ளுவதற்காகவோ நிகழும் சிமிட்டல் அரை வினாடிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் நீடிக்கும் மூடலை ஆராய்ச்சியாளர்கள் வேறு இனமாகக் கணக்கிடுகிறார்கள். பாதியில் நின்று திரும்பும் அரைச்சிமிட்டலுக்கும் தனிக் குறி உண்டு. முகத்தின் ஒவ்வொரு தசையசைவுக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவு செய்யும் இந்த முறை முதலில் மனித முகத்துக்காக 1978-இல் வகுக்கப்பட்டது. பிறகு பல பிராணிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டு, 2017-இல் பூனைக்கும் அதன் முகத்தசைகளின் அமைப்பை அநுசரித்து வெளியாயிற்று. இது வந்திராவிட்டால், ‘பாசமாகப் பார்த்தது’, ‘சொக்கிப்போய்ப் பார்த்தது’ என்ற வர்ணனைகளைத் தாண்டி இந்த விஷயத்தில் ஓர் அடியும் வைத்திருக்க முடியாது.

பூனையின் உலகத்தில் பார்வை என்பது எப்படிப்பட்ட வஸ்து என்பதை அறியாதவருக்கு, கண்ணை மூடுவதில் என்ன விசேஷம் என்பது விளங்காது. வீட்டுப் பூனையின் மூதாதையாகிய மேற்காசிய, ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை கூட்டமாக வாழும் பிராணி அன்று. தன் எல்லைக்குள் தனியே வேட்டையாடித் தனியே உண்ணுவது. சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனோடு புதைக்கப்பட்டுக் கிடைத்த பூனையின் வயது ஏறக்குறைய 9,500 ஆண்டுகள் என்கிறார்கள். ஆகவே நம்மோடு அது வாழ்ந்த காலம் குறைவானதன்று. எனினும் தனித்து வாழ்ந்த ஜாதியின் சுபாவம் அதனை விட்டு முற்றும் நீங்கிவிடவில்லை. பூனைகளின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜெர்மானியரான பால் லெய்ஹௌஸன் முதலியோரின் நூல்களைப் படித்தவர்களுக்கும், சொந்தத் தெருவின் மதிற்சுவரைப் பார்த்தவர்களுக்கும் ஒரே காட்சி பழக்கமாக இருக்கும்: இரண்டு கடுவன்கள் எதிரெதிரே உறைந்து நின்று, இமை கொட்டாமல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும், நகம் நீள்வதற்கு வெகு நேரம் முன்பே பார்வையால் யுத்தம் தொடங்கிவிடும். சண்டையை விரும்பாதது எதுவோ அது பார்வையை அகற்றி, வேறெங்கோ கவனம் உள்ளதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக நகரும். வேட்டையிலும் அப்படியே: எலிப் பொந்தின் முன் பதுங்கிய பூனையின் கண் அகல விரிந்து நிலைகுத்தி நிற்கும். எனவே வெறித்த பார்வை என்பது பூனைக்கு ஒன்று பகைக்கு அறிகுறி, இல்லாவிட்டால் இரைக்கு அறிகுறி. அந்த இரண்டும் இல்லை என்று தெரிவிக்க வேண்டுமானால் பார்வையை உடைத்தாக வேண்டும்.

நாயோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். தன் எஜமானின் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதே நாயின் அன்புக்கு அடையாளம். அப்படிப் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோஸின் என்னும் சுரப்புப் பொருள் மிகுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் காட்டினார்கள். நாய் பார்ப்பதால் சொல்வதைப் பூனை பாராமலிருப்பதால் சொல்கிறது என்றால் அது அதிகம் மிகையாகாது. நாயை வளர்த்த பழக்கத்தில் பூனையிடம் போய் அதன் முகத்தருகே குனிந்து, அகன்ற கண்களோடு உற்றுப் பார்த்துக் கொஞ்சுகிறவர்கள், அது எழுந்து போய்விட்டதும் ‘நன்றி கெட்ட ஜாதி’ என்று திட்டுகிறார்கள். பூனைப் பாஷையில் தாம் என்ன சொன்னோம் என்பதை அவர்கள் அறியார்கள்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாஸ்மின் ஹம்ஃப்ரி, கேரன் மெக்கோம்ப் ஆகியோரும், போர்ட்ஸ்மத் சர்வகலாசாலையின் லியேன் புரூப்ஸும், வேறிருவரும் சேர்ந்து செய்து 2020 அக்டோபரில் வெளியிட்ட ஆராய்ச்சியே இந்த விஷயத்தில் இன்றைக்கும் அஸ்திவாரம். அதில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் 14 வீடுகளில் வளர்ந்த 21 பூனைகள் பங்கு கொண்டன. பூனையைச் சோதனைச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் அது சோபா அடியில் புகுந்துகொள்ளுமேயன்றிக் கண் சிமிட்டாது என்பதை அறிந்தவர்களாதலால், அந்தந்த வீட்டிலேயே, பூனை தனக்குப் பிடித்த இடத்தில் அமர்ந்த பிறகு சோதனை நடந்தது. வளர்ப்பவர் சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் அமர்ந்து, தமக்குச் சொல்லித் தந்தபடி மெல்லக் கண் மூடித் திறப்பார். பூனையின் முகமும் அவர் முகமும் தனித்தனியே படம் பிடிக்கப்படும். இன்னொரு முறை, அவர் அதே அறையில் இருந்தும் பூனையைக் கவனிக்காமலே இருப்பார். இரண்டு படங்களையும் அசைவு அசைவாக எண்ணிப் பார்த்தபோது, மனிதர் மெல்லக் கண் மூடிய வேளைகளில் பூனைகளும் அரைச்சிமிட்டலையும் கண் குறுக்கலையும் அதிகமாகச் செய்திருந்தன.

ஆட்சேபம் உடனே எழும்: கவனிக்கும் எஜமானுக்கும் கவனியாத எஜமானுக்கும் உள்ள வித்தியாசத்தையல்லவா பூனை கண்டுகொண்டது? கண் மூடியதால்தான் என்று எப்படிச் சொல்வது? இந்த ஆட்சேபத்துக்குப் பாதி விடையாவது இரண்டாம் பகுதியில் கிடைக்கிறது. அதில் 24 பூனைகள். எதிரே அமர்ந்தவர் அவற்றுக்கு முன்பின் தெரியாத ஆராய்ச்சியாளர். ஒரு முறை அவர் மெல்லக் கண் மூடித் திறந்தார். மறுமுறை எந்தப் பாவமும் காட்டாத முகத்தோடு, நேர்ப்பார்வையும் இல்லாமல் இருந்தார். பின்பு இரண்டு தடவையும் உள்ளங்கையைப் பூனையை நோக்கி நீட்டினார். கண் மூடிக் காட்டிய பிறகு நீட்டிய கையை நாடி வரும் சார்பு பூனைகளிடம் கூடுதலாக இருந்தது. அந்நியர், அதே அறை, அதே கை; மாறியது முகம் ஒன்றே. ஆகவே மனிதர் மெல்லக் கண் மூடுவதைப் பூனை கவனிக்கிறது, அதை நல்லதாக எடுத்துக்கொள்கிறது என்ற அளவுக்கு விஷயம் ஸ்தாபிதமாகிவிட்டது என்று கொள்ளலாம். இருபத்து நான்கு பூனைகள் சொற்பம்தான். ஆனால் வீட்டுப் பேச்சில் மட்டும் உலவிய ஒரு நம்பிக்கை, முதன்முதலாகச் சோதனையில் விழுந்துவிடாமல் நின்றது என்பதும் சொற்பமன்று.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், ‘பூனை நம்புகிறது, ஆதலால் கண் மூடுகிறது’ என்ற இனிய தீர்ப்போடு கட்டுரை முடிந்துவிடும். சிக்கல் இனிமேல்தான் இருக்கிறது. ஹம்ஃப்ரி, மெக்கோம்ப் முதலியோரே அதே ஆண்டின் இறுதியில் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வீடற்ற பூனைகளைக் காத்து, பிறர் வளர்க்கக் கொடுக்கும் காப்பகத்தில் இருந்த 18 பூனைகளின் முன் மெல்லக் கண் மூடிக் காட்டி, எவை பதில் தந்தன என்று குறித்துக்கொண்டார்கள். பதிலுக்குக் கண் மூடிய பூனைகளுக்கு வீடு சீக்கிரமாகக் கிடைத்தது. இதைப் பத்திரிகைகள் ஆவலோடு பிரசுரித்தன. ஆனால் அதே ஆராய்ச்சியில் பத்திரிகைகள் அவ்வளவாகப் பொருட்படுத்தாத மற்றொரு முடிவும் உண்டு: மனிதரிடம் அதிகம் கலவரப்படும் பூனைகளே, மனிதர் கண் மூடிக் காட்டும்போது பதிலுக்கு நெடுநேரம் கண் குறுக்கிக்கொண்டிருக்கும் போக்கு உடையனவாகக் காணப்பட்டன. நம்பிக்கையின் அடையாளம் என்று நாம் எண்ணியது கலவரம் உள்ள பூனையிடம் நீண்டு தோன்றுமானால், நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டாமா?

இதற்கு முன்பே, 2017-இல், கனடாவில் ஒரு காப்பகத்துப் பூனைகளின் முகத்தை மேற்சொன்ன குறியீட்டு முறையால் ஆராய்ந்த பென்னெட், கூர்கோவ், மில்ஸ் என்ற மூவரும், பயத்தோடு சேர்ந்து வரும் முக அசைவுகளில் சிமிட்டலையும் அரைச்சிமிட்டலையும் சேர்த்திருக்கிறார்கள். தலையையும் பார்வையையும் இடப்பக்கமாகத் திருப்புவதும் அதோடு சேர்ந்து வந்ததாம். கூண்டின் மூலையில் ஒடுங்கிய பூனை சிமிட்டுகிறது. ஜன்னல் திண்டில் சுகமாகப் படுத்த பூனையும் சிமிட்டுகிறது.

இந்த முரண்பாட்டை நான் முரண்பாடாகக் கருதவில்லை. இரண்டு பூனைகளும் செய்வது ஒரே காரியம்: முறைத்த பார்வையை மறுக்கின்றன. ‘உன்னோடு எனக்குப் பகை இல்லை’ என்பதை, அஞ்சுகிற பூனை கெஞ்சுதலாகச் சொல்கிறது. நிம்மதியான பூனை இயல்பாகச் சொல்கிறது. வாக்கியம் ஒன்றுதான், சொல்லும் குரல் வேறு. அந்தக் குரல் கண்ணில் மட்டும் கேட்காது. காது, மீசை, வால், உடலின் கிடை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேட்கும். ஆகவே கண் மூடுவது நம்பிக்கைக்கு நிரூபணம் அன்று, சமாதானத்துக்கு அறிகுறி. நம்பிக்கை உள்ள இடத்தில் அந்தச் சமாதானம் தானாகவே, அடிக்கடி, உடல் தளர்ச்சியோடு தோன்றுகிறது என்று சொல்வதே நியாயமான முடிவு எனத் தோன்றுகிறது.

இந்தப் பழக்கம் எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஊகங்களைச் சொல்லியிருக்கிறார்கள். நீடித்த வெறிப்பை இடையிலே முறிப்பதற்காகப் பூனைகளுக்குள்ளேயே ஏற்பட்ட வழக்கம் நம்மிடமும் வந்து சேர்ந்தது என்பது ஒன்று. மனிதர்கள் அதைக் கண்டு மகிழ்ந்து, தடவியும் தீனி கொடுத்தும் வளர்த்துவிட்டார்கள், பூனை கற்றுக்கொண்டது என்பது மற்றொன்று. இவற்றில் ஒன்று மெய்யானால் மற்றது பொய்யாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. வித்து பூனையுடையது, தண்ணீர் ஊற்றியது மனிதன் என்றே நான் கொள்வேன். மனிதனுக்கு அது ஏன் பிடித்துப் போயிற்று என்பதற்கும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை: உதட்டால் மட்டும் சிரிக்கும் பொய்ச் சிரிப்பில் கண் குறுகுவதில்லை, மனம் நிறைந்து சிரிக்கும்போது கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்குகிறது என்று டுஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862-லேயே எழுதினார். குறுகிய கண்ணில் நாம் சிரிப்பைக் காணப் பழகியவர்கள். பூனையின் முகத்திலும் அதையே கண்டுவிடுகிறோம்.

உடலின் உள்ளே நடப்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இமை திறந்து நிற்பதற்கு ஓயாத உழைப்பு தேவை. மேலிமையைத் தூக்கி நிறுத்தும் தசை தளர்ந்தால் இமை தானே இறங்கும். ஆபத்தை எதிர்நோக்கி விழிப்பாக இருக்கும் உடலில், நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதி இமையையும் கண்மணியையும் அகல விரித்து வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கை தணியும்போது கண் சுருங்குவது இயற்கை. ஆகவே பூனை இதை வேண்டுமென்றே ஒரு செய்தியாக அனுப்புகிறதா, அல்லது தணிந்த மனத்தின் நிழல் முகத்தில் விழுகிறதா என்ற கேள்வி எழுகிறது. மனிதர் செய்யும்போது பூனையிடம் அது கூடுகிறது என்ற பரிசோதனை முடிவு, இது வெறும் நிழல் மட்டுமன்று என்று காட்டுகிறது. அதற்கு மேல் சொல்வது ஊகம்.

இதைத் தம் வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூனை சாப்பிடும்போதோ, ஜன்னலில் பல்லியைக் குறிவைக்கும்போதோ, நடந்துகொண்டிருக்கும்போதோ செய்து பயனில்லை. அது அமர்ந்து ஓய்வாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தூரத்தில், அதன் உயரத்துக்கு இறங்கி, முடிந்தால் சற்றுப் பக்கவாட்டில் அமரவும். தற்செயலாக அது உங்களைப் பார்க்கும்போது, மெல்லிய புன்னகையில் கண் குறுகுவதுபோல் இரண்டு மூன்று முறை இமைகளைப் பாதி இறக்கி ஏற்றிவிட்டு, பிறகு ஒன்றிரண்டு வினாடி முழுதும் மூடித் திறந்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவும். திருப்பிக்கொள்வதை மறக்கக் கூடாது. பதில் வருகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், சொன்ன சமாதான வார்த்தையை மறு நிமிஷமே முறைப்பால் அழித்ததாகும். பெரும்பாலோர் தோல்வியடைவது இங்கேதான். கண்ணை இறுக்கி மூடுவதும், நெற்றியைச் சுளிப்பதும், பல்லைக் காட்டுவதும் பயன் தரா. பதில் தராத பூனை உங்களை வெறுக்கிறது என்று அர்த்தமில்லை. பரிசோதனையிலும் எல்லாப் பூனைகளும் பதில் தந்துவிடவில்லை.

கடைசியாக, மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பூனை தன் வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி. வலியிலும் அதன் கண் குறுகும். மாண்ட்ரீயல் சர்வகலாசாலையார் 2019-இல் வகுத்த வலி அளவையில், காதின் நிலை, கண்ணின் இறுக்கம், மூக்கும் வாயும் சேர்ந்த முகப்பின் விறைப்பு, மீசையின் போக்கு, தலையின் இருப்பு ஆகிய ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டுகிறார்கள். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து தேவைப்படலாம் என்பது கணக்கு. சுகத்தில் மூடும் கண் மனிதரைப் பார்த்து மூடித் திறக்கும். வலியில் குறுகும் கண் யாரையும் பாராமல் குறுகியே இருக்கும், காதுகள் பக்கவாட்டில் விலகித் தட்டையாகும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். ஒரு கண் மட்டும் மூடுவது ஒருபோதும் அன்பின் அடையாளம் அன்று. விழிவெண்படலத்துப் புண்ணோ, பூனைகளைப் பீடிக்கும் ஹெர்பீஸ் கிருமியோ காரணமாக இருக்கலாம். கண்ணின் உட்கோணத்திலிருந்து வெண்மையான மூன்றாம் இமை விழித்திருக்கும்போதே வெளியே தெரிவதும் அப்படிப்பட்ட எச்சரிக்கைதான். உங்கள் பூனை ஒற்றைக் கண்ணைச் சுருக்குகிறது, அல்லது இரு கண்ணையும் குறுக்கியபடி உணவை மறுக்கிறது என்றால், அதற்குப் பதிலாக நீங்களும் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிராமல், அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.